சிபாப் மாஸ்க்ல காத்து லீக்கா, காலைல வாய் காயுதா? வரிசையா இதப் பாருங்க

செந்தூல்ல இருக்கற எங்க மாமாவுக்குத் தூக்கத்துல மூச்சு தடைபடற ஸ்லீப் ஆப்னியான்னு, காத்த அழுத்தி அனுப்பற சிபாப் மெஷினும் மூக்குக்கு மட்டும் போடற மாஸ்க்கும் குடுத்தாங்க. போட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே காலைல எழுந்தா நாக்கு ஒட்டிக்குது, கண்ணு எரியுது, மூக்குத்தண்டுல சிவப்பா ஒரு கோடு. லீக்குன்னு நெனச்சு ஸ்ட்ராப்ப இறுக்கினாரு, லீக் இன்னும் கூடிப்போச்சு. ஏன்னா குஷனோட ஓரம் மெல்லிசு சிலிகோன், உள்ள காத்து நிறைஞ்சு உப்பினாதான் முகத்துல படியும், இறுக்கினா மடிஞ்சிடும்.

முதல்ல எண்ணெய். மாமா ராத்திரி தலைக்குத் தேங்காயெண்ணெய் வெச்சுட்டுப் படுக்கறவரு, அது நெத்தியில எறங்கி குஷன வழுக்க வெச்சிடுது. படுக்கறதுக்கு முன்னாடி முகத்த சோப்பு போட்டுக் கழுவித் துடைங்க, க்ரீம் வேணாம். காலைல குஷன வெதுவெதுப்பான தண்ணியில வாசனை இல்லாத மைல்டு சோப்புல கழுவி நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா சிலிகோன் கெட்டுப்போகும்.

ரெண்டாவது, உக்காந்துட்டு மாஸ்க் மாட்டாதீங்க. மெஷின ஆன் பண்ணி, தூங்கற மாதிரியே படுத்துட்டு, ஸ்ட்ராப்ப லூசாக்கி, மாஸ்க்க முகத்துலேருந்து லேசா முன்னாடி இழுத்து விடுங்க, குஷன் உப்பி தானா படியும், அப்புறம் ரெண்டு பக்கமும் சமமா கொஞ்சமா இறுக்குங்க. மாஸ்க் முன்னாடி குட்டி ஓட்டை வழியா வர்ற காத்து லீக் இல்ல, நாம விடற மூச்சு வெளிய போறதுக்கான வழி, அத அடைக்கவே கூடாது.

மாமாவுக்கு இதோட கண்ணு எரிச்சல் நின்னுச்சு, ஏன்னா மூக்குத்தண்டு பக்கமா கசிஞ்ச காத்துதான் கண்ணுல அடிச்சுட்டு இருந்துச்சு. ஆனா வாய் மட்டும் காஞ்சுட்டே இருந்தது. அதுக்கு ஒரு டெஸ்ட்: மாஸ்க் போட்டுப் படுத்துட்டு வாயத் தொறங்க, காத்து புஸ்ஸுன்னு வாய் வழியா வெளிய பாயும். தூக்கத்துல அதேதான் நடக்குது, மாஸ்க்க எவ்ளோ மாத்தினாலும் இது நிக்காது. மூக்கு அடைச்சிருந்தா வாய் தானா தொறந்துக்கும், அதனால படுக்கறதுக்கு முன்னாடி சலைன் ஸ்ப்ரே அடிங்க. அதுக்கும் சரியாகலன்னா தாடையத் தூக்கிப் பிடிக்கற பட்டி, இல்லன்னா வாயும் மூக்கும் சேத்து மூடற மாஸ்க், எது ஒத்துவரும்னு கிளினிக்ல கேளுங்க. வாய்க்கு டேப் ஒட்டற வேலையெல்லாம் நீங்களா பண்ணாதீங்க.

அடுத்து, மெஷின்லேருந்து வர்ற காத்த ஈரமாக்கற ஹியூமிடிஃபயர். டேங்க்ல டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துங்க, தினமும் மிச்சத்த கொட்டிட்டுப் புதுசா ஊத்துங்க. வறட்சி இருந்தா லெவல ஒண்ணொண்ணா ஏத்துங்க. நம்ம ஊர்ல ஏர்கான 18ல வெச்சுட்டுத் தூங்கறவங்களுக்கு லெவல் ஏறினதும் ட்யூப்ல தண்ணி தேங்கி களகளன்னு சத்தம் வரும், மூக்குல சொட்டும். அதுக்கு ஏர்கான 24க்கு ஏத்துங்க, ட்யூப்ப போர்வைக்குள்ள விடுங்க, மெஷின் தலைமட்டத்த விட கீழ இருக்கட்டும். அப்பவும் சொட்டினா லெவல ஒண்ணு கொறைங்க.

ட்யூபும் டேங்க்கும் வாரத்துக்கு ஒரு தடவ கழுவினா போதும். மெஷினுக்குப் பின்னாடி இருக்கற ஃபில்டர மாசாமாசம் பாருங்க, புகைமூட்ட சீசன்ல சீக்கிரமே கறுத்துடும். ப்ரெஷர மட்டும் நீங்களே மாத்தாதீங்க, மூக்குல புண்ணோ ரத்தமோ வந்தா டாக்டரப் பாத்துடுங்க.