வகுப்பில் எடுத்த கணக்கை வரைபடமாக்கும்போது நடக்கும் தவறுகள்

நான்காம் வகுப்பு, 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு எப்படி வந்தார்கள் என்று அவர்களே கணக்கெடுக்கிறார்கள். நடந்து 11, பஸ் 8, பைக் 5, சைக்கிள் 4, ஆட்டோ 2.

முதல் தவறு கேள்வியிலேயே வந்துவிடும். "எப்படி வருவாய்?" என்று பொதுவாகக் கேட்டால், ஒரே பிள்ளை பஸ்ஸுக்கும் கை தூக்கும், நடப்பதற்கும் தூக்கும். "இன்று காலை எப்படி வந்தாய்?" என்றால் ஆளுக்கு ஒரு பதில்தான். அப்போதும் கையை எண்ணாதீர்கள். ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொடுத்து, உரிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். கூட்டினால் 30 வர வேண்டும். வராவிட்டால், யாருடைய பெட்டி விட்டுப்போனது என்று பிள்ளைகளே தேடட்டும்.

அடுத்தது பட விளக்கப்படம். பஸ்ஸைப் பெரிதாகவும் நடக்கிற ஆளைச் சின்னதாகவும் வரைவார்கள். 8 பஸ்ஸின் வரிசை 11 ஆட்களின் வரிசையைவிட நீண்டுவிடும்; பார்க்கிற பிள்ளை பஸ்தான் அதிகம் என்று சொல்லும். கட்டம் போட்ட தாளில் எல்லாவற்றுக்கும் ஒரே முகப்படம், கட்டத்துக்கு ஒன்று என்று வைத்தால் இது வராது.

ரொம்பப் பேர் சறுக்குவது அளவுத்திட்டத்தில்தான். ஒரு படம் 5 பேர் என்று எடுத்தால் சைக்கிளில் வந்த 4 பேரை எப்படி வரைவது? இந்தக் கணக்குக்கு ஒரு படம் 2 பேர் போதும். நடந்தவர்களுக்கு ஐந்தரைப் படம், பஸ்ஸுக்கு 4. ஆனால் முதலில் ஒரு படம் ஒருவர் என்று வரைந்து, அதற்குப் பக்கத்திலேயே இதையும் வரைய வைக்க வேண்டும். நேராக இதற்குத் தாவினால், "பஸ்ஸில் எத்தனை பேர்?" என்றதும் படங்களை எண்ணி 4 என்பார்கள். அந்தப் பதில் வந்தால் மறுபடி விளக்க வேண்டாம். "மொத்தப் படங்களையும் எண்ணு" என்று சொல்லுங்கள். 15 வரும். வகுப்பில் 30 பேர் ஆயிற்றே என்று பிள்ளையே நிற்கும்.

பட்டை வரைபடத்தில் பக்கவாட்டு எண்களைக் கட்டத்துக்குள் எழுதுவது வழக்கமாகிவிட்ட தவறு. ஒவ்வொரு எண்ணும் கட்டத்தின் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும், அடிக்கோடு 0. கட்டத்துக்குள் எழுதினால், பட்டையின் தலை 7-க்கும் 8-க்கும் நடுவே நின்றுவிடும், எதைப் படிப்பது?

அப்புறம் கேள்விகள். "எது அதிகம்?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு எண்ணே பார்க்க வேண்டாம், உயரம் போதும். "பஸ்ஸைவிட நடந்தவர்கள் எத்தனை பேர் அதிகம்?" என்று கேளுங்கள். பலர் 11 என்பார்கள், நடந்தவர்களின் பட்டையை மட்டும் படித்துவிட்டு. பஸ் பட்டையின் தலையில் ஸ்கேலைக் கிடையாக வைத்து, அதற்கு மேலே துருத்தி நிற்கும் கட்டங்களை மட்டும் எண்ணச் சொன்னால் 3 என்று வரும்.