பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை: துடைத்தால் போதுமா, மருந்து வேண்டுமா? (இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

குழந்தை பிறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் பார்த்தால் ஒரு கண் திறக்காமல் இருக்கும். இமை மயிரில் மஞ்சளாகப் பீளை காய்ந்து ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கி ஐ, தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஊரில் என்றால் ஒரு சொட்டு மருந்தாவது எழுதித் தந்திருப்பார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அவர் சொன்னதுதான் சரி. ஆனால் சில குழந்தைகளுக்கு அது உண்மையான தொற்றாக இருக்கும், அதில் ஒரு வகை ஓரிரு நாளிலேயே கண்ணின் கருவிழியைக் கெடுத்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அறிகுறிகளை வீட்டிலேயே பார்க்கலாம்.

பீளை எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துடைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து வெள்ளை விழியைப் பாருங்கள், பிறகு இமைகளைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்து, இமை வீங்காமல், குழந்தை ஒழுங்காகப் பால் குடித்தால், அது அநேகமாகக் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். கண்ணீர் வடிந்து மூக்குக்குள் இறங்கும் அந்தச் சிறு குழாயின் கீழ்முனையில் ஒரு மெல்லிய சவ்வு பிறக்கும்போது திறக்காமல் இருந்துவிடுகிறது. தண்ணீர் தேங்குகிறது, தேங்கியது கெட்டியாகிப் பீளையாகிறது. இதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு விட்டால் இரண்டு நாள் குறையும், நிறுத்தியதும் திரும்ப வரும். அடைப்பை மருந்து திறக்காது.

சரி, துடைப்பது எப்படி? கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரே போதும். சலைன்தான் வேண்டும் என்றால் ஃபார்மசியில் 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் சின்னச் சின்னக் குப்பிகளாகக் கிடைக்கும். சமையல் உப்பைக் கண்ணளவில் போட்டுக் கலக்காதீர்கள், உப்பு கூடினால் கண் எரியும். குப்பியைத் திறக்காமலேயே ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் குளிர் போய்விடும். மைக்ரோவேவ் வேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, சூடு தெரியாமல் இருந்தால் சரி. கையைக் கழுவிவிட்டு, பஞ்சை நனைத்து, காய்ந்த பீளை மேல் சில நொடி வைத்து ஊறவிடுங்கள். பிய்த்து எடுத்தால் இமைத் தோல் புண்ணாகும். பிறகு மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்த இழுப்புக்குப் புதியது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பஞ்சு கூடாது. மீதிச் சலைனை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கூடவே மசாஜ். நகம் வெட்டிய சுண்டுவிரலைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே வைத்து, இதமாக அழுத்தி, மூக்கோரமாகக் கீழே இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அழுத்தும்போது கொஞ்சம் பீளை மேலே வந்தால் பயப்பட வேண்டாம், தேங்கியதுதான் வருகிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ தாய்ப்பால் விடச் சொல்வார்கள், மை தீட்டச் சொல்வார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம், ஆனால் இரண்டையும் கண்ணுக்குள் விட வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது. இன்னொன்று, பெட்டியில் கொண்டுவந்த சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. ஸ்டீராய்டு இல்லாத வெறும் ஆன்டிபயாடிக் சொட்டு என்றாலும், பரிசோதனைக்கு முன் விட்டால் கிருமி தெரியாமல் போகலாம்.

இப்போது வேறு மாதிரியான ஒரு குழந்தையைப் பார்ப்போம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் வலது கண்ணில் பீளை, துடைக்கிறார்கள். எட்டாம் நாள் இமை தடித்திருக்கிறது, துடைத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி சீழ், வெள்ளை விழி சிவப்பு, இடது கண்ணும் ஆரம்பித்துவிட்டது. மிட்வைஃப் அடுத்து வரும் நாள்வரை இவர்கள் காத்திருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கண் சிவந்து சீழ் வந்தால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரான ஜி.பி.க்குப் போன் செய்து, குழந்தைக்கு எட்டு நாள், இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வயதைச் சொல்லாமல் "கண்ணில் பீளை" என்றால் ரிசப்ஷனில் அடுத்த வாரம் தேதி கொடுக்கக்கூடும். ஜி.பி. கிடைக்காவிட்டால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தையை இன்னும் ஜி.பி.யிடம் பதியவில்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

டாக்டர் குச்சியில் சுற்றிய பஞ்சால் சீழைத் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். சாதாரணக் கிருமி என்றால் குளோராம்ஃபெனிகால் சொட்டோ ஆயின்ட்மென்டோ போதும். பெரியவர்கள் இதைக் கடையிலேயே வாங்கலாம், இரண்டு வயதுக்குக் கீழே மருந்துச்சீட்டு வேண்டும். இங்கிலாந்தில் குழந்தைகளின் மருந்துச்சீட்டுக்குக் காசு கிடையாது. ஆனால் நம் எட்டு நாள் குழந்தைக்குக் கிளமிடியா என்ற கிருமி என்று ரிசல்ட் வருகிறது. பிறந்து ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் தலைகாட்டுவது இதன் வழக்கம். இதற்குக் கண் சொட்டு போதாது, அசித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் வாய்வழியாகக் கொடுப்பார்கள். ஏனென்றால் கிருமி மூக்கு, தொண்டைவரை போயிருக்கலாம், கவனிக்காவிட்டால் சில வாரம் கழித்து நிமோனியாவாக வரலாம்.

கொனோரியா என்ற கிருமி இதைவிட அவசரம், கருவிழியைக் கெடுத்துவிடும் என்று முதலில் சொன்னது இதைத்தான். பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வரும். இமை திறக்க முடியாத அளவுக்கு வீங்கி, பிரித்தால் சீழ் பீறிட்டு வரும். நேரே ஆஸ்பத்திரிதான், ஊசிவழி ஆன்டிபயாடிக் போடுவார்கள்.

இங்கேதான் நம் வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. இந்த இரண்டு கிருமியும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருபவை, பாலுறவால் பரவுபவை. டாக்டர் அதைக் கேட்டால் அவமானமாக நினைக்க வேண்டாம். கிளமிடியா எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கிலும் உடம்பில் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை இந்த ரிசல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. கர்ப்ப காலத்தில்தான் எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்களே என்பார்கள். தொற்றுகளில் இங்கே எல்லோருக்கும் எடுப்பது எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மட்டும், கிளமிடியாவும் கொனோரியாவும் அதில் இல்லை. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் கண் ஆயின்ட்மென்டும் இங்கே வழக்கமில்லை. அம்மா, அப்பா இருவருக்கும் சிகிச்சை தேவை, செக்ஷுவல் ஹெல்த் கிளினிக்கில் இலவசமாகவும் ரகசியமாகவும் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதுவும் இலவசம். இந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள்.

மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டிருத்தல், மூக்கோரத்தில் சிவந்த வீக்கம், கருவிழி மங்கலாகத் தெரிதல் — இவற்றில் எது வந்தாலும் சலைனை ஓரமாக வைத்துவிட்டு உடனே காட்டுங்கள்.

வெறும் அடைப்பு என்றால் மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துகொள்ளும். அதுவரை துடைப்பதும் மசாஜும்தான். முதல் பிறந்தநாளுக்குப் பிறகும் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தால், கண் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி ஜி.பி.யிடம் நீங்களே கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியால் குழாயைத் திறந்துவிடுவார்கள், சின்ன வேலைதான்.