நான்கு மடங்கு எங்கே போனது?

கிருஷ்ணகிரி மாந்தோப்பில், சமதளத்தில் 300 மீட்டர் குழாய். உள்விட்டம் 50 மி.மீ., நொடிக்கு 2 லிட்டர் நீர். உராய்வு இழப்பு 1.7 மீட்டர் என்றது தம்பியின் கணக்கு. அழுத்தமானிகளோ 0.65 பார், அதாவது ஏறக்குறைய 6.6 மீட்டர் இழப்பைக் காட்டின.

முதலில் அலகுகளைப் பார்த்தேன். விட்டத்தை 0.05 மீட்டராகவே போட்டிருந்தான். வேகம் 1.02 மீ/நொடி, ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் Re சுமார் 51,000. ஐயமின்றிக் கொந்தளிப்பு ஓட்டம். வேகம் சரியாக இருந்து, ரெனால்ட்ஸ் எண் கணக்கில் மட்டும் மி.மீ. அப்படியே புகுந்திருந்தால் அந்த எண் ஆயிரம் மடங்கு வீங்கியிருக்கும்.

சிக்கல் உராய்வுக் குணகத்தில் இருந்தது. அவன் எடுத்த 0.00525 ஃபேனிங் குணகம். `h = f(L/D)(v²/2g)` என்ற டார்சி சமன்பாட்டுக்கு அதன் நான்கு மடங்கான 0.021 வேண்டும். மாற்றியதும் 6.7 மீட்டர் வந்தது.

குணகத்துக்கு அலகே இல்லாததால் அலகுச் சோதனையில் இது சிக்காது. குணகத்தை எடுக்கும் வரைபடத்தின் சீரோட்டக் கோட்டைப் பாருங்கள்: 64/Re என்றால் டார்சி, 16/Re என்றால் ஃபேனிங்.