தொலைந்த செக்கை நிறுத்துவது எப்படி? வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது என்ன?

நீங்கள் ஒருவருக்கு செக் கொடுத்தீர்கள். அது தொலைந்துவிட்டது, வேறொன்று எழுதித் தாருங்கள் என்கிறார். உடனே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய செக் வேறு யார் கையிலாவது கிடைத்து அதற்கும் பணம் போனால், ஒரே தொகையை இரண்டு முறை இழப்பீர்கள்.

முதலில் செக் எண்ணைக் கண்டுபிடியுங்கள். வங்கி பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் செக்கை அடையாளம் காண்கிறது. ஓர் இலக்கம் மாறினாலும் தொலைந்த செக் தடையில்லாமல் பாஸாகிவிடும். அடிக்கட்டையில் குறித்து வைக்கவில்லையா? செக் புத்தகத்தில் அந்தத் தாளுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். 000346-க்கு அடுத்து 000348 இருந்தால் தொலைந்தது 000347.

அடுத்து கணக்கில் அந்த எண்ணுக்குப் பணம் ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பாருங்கள். போய்விட்டால் நிறுத்த எதுவுமில்லை. அப்போது கொடுக்க வேண்டியது புகார். போகவில்லை என்றால் போனிலோ செயலியிலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி அந்தச் செக்குக்குப் பணம் கொடுப்பதற்குள் உங்கள் சொல் அங்கே போய்ச் சேர வேண்டும், அதனால் கடிதம் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். பேசிய நேரத்தையும் புகார் எண் போல ஏதாவது கொடுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடிதம். இவ்வளவு போதும்:

"என் கணக்கு எண் ......-இல் எழுதப்பட்ட, 000347 எண்ணுள்ள காசோலை தொலைந்துவிட்டது. தேதி: ...... பெறுபவர்: ...... தொகை: 18,500. இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்தவும். இன்று காலை 10.20-க்குத் தொலைபேசியிலும் இதைத் தெரிவித்துள்ளேன். இந்தக் காசோலைக்கு இதுவரை பணம் வழங்கப்படவில்லை என்பதையும், நிறுத்த உத்தரவு பதிவான தேதி, நேரம், அது எதுவரை செல்லும் என்பதையும் எழுத்து மூலம் உறுதிசெய்யக் கோருகிறேன்."

கணக்கில் உள்ளபடியே கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முத்திரை, கடிதம் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உத்தரவு கணக்கில் ஏறியதா என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் கடிதமோ மின்னஞ்சலோ வந்ததும், அதில் உள்ள எண்ணை 000347-உடன் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். காலாவதித் தேதி போட்டிருந்தால், அதற்கு முன் புதுப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். இதற்குக் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு.

உறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு புதுச் செக்கை எழுதுங்கள். பழையது கிடைத்தால் வங்கியில் போடாமல் திருப்பித் தருவதாக, வாங்குபவரிடமும் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.