மிக்ஸி கையேட்டின் கணினித் தமிழைத் திருத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி மொழிபெயர்த்த கையேட்டைத் திருத்தக் கொடுத்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, ஆங்கில மூலத்தை இடப்பக்கமும் தமிழை வலப்பக்கமும் திறந்து வைத்து வரி வரியாக ஒப்பிடுவதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பெரிய தவறுகள் கண்ணில் படாமல் போவதற்கு அதுவே காரணம். ஆங்கிலத்தைப் படித்ததும் விஷயம் புரிந்துவிடுகிறது. புரிந்த மனசோடு தமிழைப் படித்தால் எந்த வாக்கியமும் சரியாகத்தான் தெரியும். வாங்குகிறவர் கையில் இருக்கப்போவது தமிழ் மட்டும்தான். அதனால் முதல் வாசிப்பில் ஆங்கிலத்தை மூடிவிட வேண்டும். முடிந்தால் மிக்ஸியை மேசை மேல் வைத்துக்கொண்டு, பிளக்கைச் செருகாமல், கையேடு சொல்வதை மட்டும் செய்து பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்தபோது மாட்டிய ஒரு வரி இது:

"மோட்டார் பயணித்தால், அடிப்பகுதியில் உள்ள மீட்டமை பொத்தானை அழுத்தவும், சுவிட்சை அணைத்து சுமையைக் குறைத்த பிறகு."

'ட்ரிப்' ஆகிறது என்பதைக் கணினி பயணம் என்று எடுத்துக்கொண்டது. இதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 'பயணித்தால்' என்பதை 'ட்ரிப் ஆனால்' என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் இங்கே நடக்கும் தவறு. ஏனென்றால் ஆபத்து சொல்லில் இல்லை, வரிசையில் இருக்கிறது. படிப்பவர் கையேட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினையையும் படித்தவுடன் செய்வார். இந்த வரியில் முதலில் வருவது 'அழுத்தவும்'. நாப் 2-இல் இருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் மோட்டார் சட்டென்று ஓட ஆரம்பிக்கும். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்த மிக்ஸியைச் சாய்த்துப் பிடித்திருப்பார், ஜாரும் மேலேயே இருக்கும்.

ஆங்கிலத்தில் நிபந்தனை பின்னால் வந்தாலும் பழக்கத்தால் புரிந்துகொள்வார்கள். தமிழில் முதலில் நடப்பதை முதலில் சொல்வதுதான் இயல்பு. அதனால் அந்த ஒரு வரியை உடைத்து இப்படி எழுதினேன்: "மாவு அதிகமாகி மோட்டார் தானாக நின்றுவிட்டால், நாப்பை 0-க்குத் திருப்புங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். ஜாரை எடுங்கள். உள்ளே இருப்பதில் கொஞ்சத்தை வெளியே எடுங்கள். மோட்டார் சூடு ஆறட்டும். பிறகு மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்." வாக்கியங்கள் கூடிவிட்டன, ஆனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலைதான். 'சுமை' என்ற சொல்லும் போய்விட்டது. சமையலறையில் சுமை என்றால் மூட்டைதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது தவறு, எச்சங்களையும் 'வேண்டாம்' என்ற சொல்லையும் சும்மா தாண்டிப் போவது. தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் எதிர்மறை வைத்தால், அது எது வரைக்கும் எட்டுகிறது என்பது தெளிவாக இருக்காது. "மோட்டார் பகுதியை நீரில் முக்கி ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்" என்று ஒரு கையேட்டில் இருந்தது. மூலத்தில் இருந்ததோ இரண்டு செய்தி: நீரில் முக்காதே, ஈரத்துணியால் துடை. தமிழில் துடைப்பதற்கும் தடை விழுந்துவிட்டது. "நீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்" என்று பிரித்துவிட்டால் சந்தேகமே இல்லை. எதிர்மறை வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதற்கு முன்னால் எத்தனை வினைகள் இருக்கின்றன என்று விரல் வைத்து எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றுக்கு மேல் இருந்தால் உடைத்துவிடுவேன்.

'மட்டும்' என்ற சொல்லும் இதே மாதிரிதான். "மோட்டார் நின்ற பிறகு ஜாரை மட்டும் எடுக்கவும்" என்று இருந்தால், மூடியை விட்டுவிட்டு ஜாரை எடுக்கச் சொல்கிறார்களோ என்று தோன்றும். சொல்ல வந்தது, நின்ற பிறகு மட்டுமே எடுக்க வேண்டும் என்பது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் வேகமாகப் படிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. 'அதை' என்ற சொல்லிலும் நின்று பார்க்க வேண்டும். "ஜாரை மோட்டார் பகுதியிலிருந்து எடுத்த பிறகு அதை ஓடும் நீரில் கழுவவும்" என்றால், எதை? ஜார் என்று இன்னொரு முறை எழுதிவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அப்புறம் பெயர்கள். கணினி ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துக்கொண்டால், ஒரே பாகத்துக்கு முதல் பக்கத்தில் ஜாடி, நான்காம் பக்கத்தில் குடுவை, படத்தில் ஜார் என்று மூன்று பெயர் வந்துவிடும். படிப்பவர் மூன்றும் வேறு வேறு பொருள் என்று நினைத்துப் பெட்டியில் தேடுவார். ஆகவே திருத்த ஆரம்பிக்கும் முன், பாகங்கள் படத்தைப் பார்த்து ஒரு சின்னப் பட்டியல் போட்டுவிடுங்கள்: ஜார், மூடி, பிளேடு, கப்ளர், வாஷர், நாப். வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. 'இணைப்பி' என்று கப்ளருக்கு எழுதினால் நல்ல தமிழ்தான், ஆனால் அது தேய்ந்துபோய்க் கடையில் கேட்கும்போது உதவாது. நாப்பில் P என்று அச்சிட்டிருந்தால் கையேட்டிலும் P என்றே இருக்க வேண்டும். அந்த P குறிக்கும் 'பல்ஸ்' என்பதைக் கணினி துடிப்பு என்றும், சில சமயம் பருப்பு வகைகள் என்றும் மாற்றியிருக்கும். மிக்ஸி கையேட்டில் பருப்பு வருவது இயல்பானதால் அந்தப் பிழை ஒளிந்துகொள்கிறது. "நாப்பை P பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், விட்டால் நின்றுவிடும்" என்று செயலைச் சொல்லிவிடுவது நல்லது.

பட்டியல் போட்டபின் 'அனைத்தையும் மாற்று' அழுத்தும் ஆசை வரும். தமிழில் அதைச் செய்யாதீர்கள். 'ஜாடி' என்பதை 'ஜார்' என்று மாற்றினால் 'ஜாடியை' என்பது 'ஜார்யை' ஆகிவிடும், 'ஜாடியில்' என்பது 'ஜார்யில்' ஆகிவிடும். தேடுவதிலும் சிக்கல் உண்டு. 'ஜார்' என்று புள்ளியோடு தேடினால் 'ஜாரை', 'ஜாரில்' எதுவும் அகப்படாது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. 'மூடி' என்று தேடினால் பாகத்தின் பெயரோடு 'கதவை மூடி' என்ற வினையும் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆங்கிலத்தைத் திறக்க வேண்டியது இரண்டாம் வாசிப்பில். அப்போது பார்க்க வேண்டியவை எண்கள், எதிர்மறைகள், விடுபட்ட வாக்கியங்கள். விடுபட்ட வரி தமிழில் தடயமே விடாது, அதனால் இரண்டு பக்கமும் வாக்கியங்களை எண்ணிப் பார்க்கிறேன். எண் சரியாக இருந்தும் அர்த்தம் தவறலாம். "மதிப்பீடு: 30 நிமிடம், 5 நிமிடம் ஆன், 2 நிமிடம் ஆஃப்" என்று ஒரு கையேட்டில் இருந்தது. மூன்று எண்களும் மூலத்தில் உள்ளபடியே. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைப் படிக்கக் கொடுத்துவிட்டு, இட்லி மாவு அரைக்க எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க என்று கேட்டேன். "அரை மணி நேரம் ஓட்டலாம்னு போட்டிருக்கே" என்றார். வரியை மாற்றி, "5 நிமிடம் ஓட்டியதும் 2 நிமிடம் நிறுத்தி வையுங்கள். இப்படி விட்டு விட்டு மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது" என்று எழுதி மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை அவர் அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்து, "அப்போ அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தணும்" என்றார்.