ஆப் விலையை எப்படி நிர்ணயிப்பது? ஒரு சிக்கன் பிரியாணிக் கணக்கு

கோவையில் இரண்டே மேசை போட்ட சின்ன உணவகம் என்னுடையது. உணவு டெலிவரி ஆப்பில் சேர்ந்த முதல் மாதம், கமிஷனும் அதன் மேல் ஜிஎஸ்டியுமாக 26 சதவீதம் போகிறது, விலையையும் 26 சதவீதம் ஏற்றிவிட்டால் சரி என்று நினைத்தேன். சரியாக வரவில்லை. நீங்களாவது ஆரம்பத்திலேயே சரியாகப் போடுங்கள்.

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். கடை விலையும் ஆப் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கமிஷன் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 22. அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 5 சதவீத வரியில் ஓடும் உணவகத்துக்கு அந்த ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்காது, அதுவும் நம் செலவுதான். 22-ஐ 1.18-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 26. (சாப்பாட்டுக்கான 5 சதவீதத்தை 2022 ஜனவரியிலிருந்து ஆப்பே வசூலித்துக் கட்டிவிடுகிறது. அதை இங்கே சேர்க்காதீர்கள்.)

அடுத்து, கையில் எவ்வளவு வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மேசையில் பிரியாணி 160 ரூபாய். பார்சலுக்கு டப்பா, தயிர்ப் பச்சடிக் கிண்ணம், கவர் எல்லாம் சேர்த்து 12. ஆக 172.

இப்போது கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்:

```
ஆப் விலை = 172 ÷ (1 − 0.26) = 232.4
```

நான் 235 வைத்தேன். என் பழைய வழியில் 172 மேல் 26 சதவீதம் ஏற்றினால் 217 வரும். ஆனால் 26 சதவீதத்தை ஆப் பிடிப்பது அந்த 217-இல், 172-இல் அல்ல. மிஞ்சுவது 160 ரூபாய் 58 காசு. டப்பாச் செலவு போனால் 148 ரூபாய் சொச்சம். ஒரு பிரியாணிக்கு 11 ரூபாய் நட்டம், அதுவும் நன்றாக விற்கும் நாளில்தான் அதிகம்.

தள்ளுபடி கொடுப்பதாக இருந்தால் விலை வைக்கும்போதே யோசியுங்கள். 10 சதவீதம் நம் கணக்கில் போனால் 235 வெறும் 211.50 ஆகிவிடும், கமிஷன் அதற்கு மேல். 172 கையில் வர 260 வைக்க வேண்டியிருக்கும். தள்ளுபடி இல்லாத 235-தான் எனக்குப் பிடித்தது.

மலிவான அயிட்டங்களில்தான் சிக்கல். 60 ரூபாய்த் தயிர்சாதம், டப்பா 8 சேர்த்தால், 92 ஆகிவிடுகிறது. யாரும் தொடவில்லை. உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் வைத்துக் காம்போவாக்கியதும் நகர ஆரம்பித்தது.

ஒரு வாரம் ஓடியதும் செட்டில்மெண்ட் அறிக்கையில் ஒரே ஒரு பிரியாணி ஆர்டரை எடுத்துப் பாருங்கள். 235-க்கு கிட்டத்தட்ட 173.90 வந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால், விளம்பரக் கட்டணமோ நாம் கவனிக்காமல் ஒப்புக்கொண்ட ஆஃபரோ எங்காவது ஒளிந்திருக்கும்.

எம்ஆர்பி அச்சிட்ட எதையும் இப்படி ஏற்ற முடியாது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலில் 26 சதவீதம் போனால் நமக்கு 14.80தான். என் ஆப் மெனுவில் தண்ணீர் பாட்டிலே கிடையாது.