நூற்பாலையின் கரிமக் கணக்கு: ஈ.பி. பில்லில் காற்றாலை யூனிட் இருந்தால் எப்படிப் போடுவது?

நம்ம ஊர் நூற்பாலைகளுக்கு இப்போது நூல் வாங்கும் பெரிய கம்பெனிகளிடமிருந்து ஒரு படிவம் வருகிறது. போன நிதியாண்டில் ஆலையிலேயே வெளியாகும் ஸ்கோப் 1 உமிழ்வும், வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கான ஸ்கோப் 2 உமிழ்வும் எத்தனை டன், ஒரு கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு எத்தனை டன் என்று அதில் கேட்டிருப்பார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று செபி சொல்லியிருக்கிறது. அவர்கள் தங்கள் சப்ளையர்களிடம் கேட்க, அது நம்மிடம் வந்து நிற்கிறது.

கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஆலைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அங்கே இதைப் போட்டு முடித்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். புரிவதற்காக எண்களை மட்டும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். டேலியில் லெட்ஜர் எடுக்கத் தெரிந்தால் போதும்.

1. டீசல் (ஸ்கோப் 1)

ஆலைக்குள் நாமே எரிப்பதெல்லாம் ஸ்கோப் 1. ஜெனரேட்டர் டீசல், ஆலையின் சொந்த லாரிக்குப் போடும் டீசல் இரண்டும் இதில் சேரும். ரூபாயை எடுக்காதீர்கள், லிட்டரை எடுங்கள். வாங்கிய லிட்டரும் போதாது. ஏப்ரல் 1 இருப்போடு ஆண்டில் வாங்கியதைக் கூட்டி, மார்ச் 31 இருப்பைக் கழித்தால்தான் எரித்தது கிடைக்கும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எங்கள் கணக்கில் 12,000 லிட்டர். ஆக 32,160 கிலோ, அதாவது 32 டன்.

2. மின்சாரம் (ஸ்கோப் 2)

நூற்பாலையில் பெரும்பங்கு இதுதான். நம் பகுதியில் சிக்கலும் இங்கேதான்.

மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்திய கிரிட்டின் உமிழ்வுக் காரணியை வெளியிடுகிறது. 2023-24க்கு அது ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ. இதை யூனிட்டால் பெருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் எந்த யூனிட்?

ஆலைக்கு வடக்கன்குளம், ராதாபுரம் பக்கம் சொந்தக் காற்றாலை இருந்தால், அதில் உற்பத்தியாகும் மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியாக வந்து எச்.டி. பில்லில் அட்ஜஸ்ட் ஆகும். பில்லில் பணம் கட்டச் சொல்லும் யூனிட், காற்றாலை யூனிட்டைக் கழித்த பிறகு மிஞ்சுவது. லெட்ஜரில் ஏறுவதும் அந்தத் தொகைதான். ஆலை உண்மையில் ஓட்டிய யூனிட் மீட்டர் ரீடிங்கில் இருக்கும். ரீடிங் வித்தியாசத்தை மீட்டரின் பெருக்குக் காரணியால் பெருக்கி மொத்தத்தை எடுங்கள். கூடவே மாதாமாதம் வரும் காற்றாலை அட்ஜஸ்ட்மென்ட் ஸ்டேட்மென்டையும் தனி நெடுவரிசையில் ஏற்றுங்கள்.

சரியாக எடுத்தோமா என்று பார்க்க நான் நம்பும் சோதனை ஒன்றுதான். மாத யூனிட்டை அந்த மாத நூல் உற்பத்தியால் வகுத்துப் பாருங்கள். ஒரே கவுன்ட் நூல் ஓடும் ஆலையில் கிலோவுக்கு யூனிட் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. ஆனி, ஆடியில் மட்டும் அது தடாலென்று விழுந்தால் ஆலை சிக்கனமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தென்மேற்குக் காற்றில் காற்றாலை ஓடி, கழித்த யூனிட் உங்கள் ஷீட்டில் ஏறியிருக்கிறது.

அடுத்து தேதி. மார்ச் மாத பில் ஏப்ரலில்தான் கைக்கு வரும். பில் தேதியை வைத்துக் கூட்டினால் பழைய மார்ச் உள்ளே வந்து, புதிய மார்ச் வெளியே போய்விடும். விற்றுமுதல் ஒரு பன்னிரண்டு மாதத்துக்கும் உமிழ்வு வேறொரு பன்னிரண்டு மாதத்துக்கும் ஆகிவிட்டால் ஒன்றை இன்னொன்றால் வகுப்பதில் பொருளில்லை. A நெடுவரிசையில் மின்சாரம் ஓடிய மாதத்தின் முதல் தேதியைப் போடுங்கள், D நெடுவரிசையில் மொத்த யூனிட். பிறகு:

```
=SUMIFS(D:D,A:A,">="&DATE(2023,4,1),A:A,"<="&DATE(2024,3,31))
```

இதற்கென்று காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்காதீர்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஆடிட்டர் வந்து கேட்டால் எந்த எண் எந்த பில்லிலிருந்து வந்தது என்று செல்லைத் தொட்டுக் காட்டலாம்.

3. ஒரே மின்சாரத்துக்கு இரண்டு விடை

எங்கள் மொத்தம் 40 லட்சம் யூனிட். அதில் காற்றாலையில் அட்ஜஸ்ட் ஆனது 24 லட்சம், வாரியத்திடம் வாங்கியது 16 லட்சம்.

உமிழ்வுக் கணக்குக்கு உலகெங்கும் பின்பற்றும் ஜி.எச்.ஜி. புரோட்டோகாலின் 2015 ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டு முறையிலும் காட்டச் சொல்கிறது. முதலாவது இட அடிப்படை. கிரிட்டில் கலந்து வரும் மின்சாரத்தில் யாருடையது எது என்று பிரிக்க முடியாது என்பதால் 40 லட்சத்துக்கும் கிரிட் காரணி. விடை 2,908 டன். இரண்டாவது சந்தை அடிப்படை. யாரிடமிருந்து எந்த ஒப்பந்தத்தில் வந்தது என்று பார்ப்பது இது. காற்றாலையின் 24 லட்சத்துக்குப் பூஜ்யம், மீதி 16 லட்சத்துக்கு 1,163 டன்.

"கம்மியா இருக்கறதையே எழுதுங்களேன்" என்று முதலாளி சொல்வார். இரண்டையும் எழுதுங்கள், எது எந்த முறை என்றும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் பக்கத்து ஆலையோடு உங்களை ஒப்பிடவே முடியாது.

பூஜ்யம் போட இரண்டு நிபந்தனை உண்டு. காற்றாலை உற்பத்தி செய்த யூனிட்டைக் கழிக்கக்கூடாது, ஆலையின் பில்லில் அட்ஜஸ்ட் ஆனதை மட்டுமே கழிக்கலாம். வாரியத்துக்கு விற்ற யூனிட் நம்முடையதல்ல. அதேபோல் அந்த யூனிட்டுகளுக்கு ஆர்.இ.சி. என்னும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கி விற்றிருந்தால், அதன் பசுமை வாங்கியவருக்குச் சொந்தம். நாம் மறுபடி சொன்னால் ஒரே யூனிட்டை இரண்டு பேர் எண்ணியதாகிவிடும். டேலியில் 'இதர வருமானம்' லெட்ஜரைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆர்.இ.சி. விற்ற பணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

4. விற்றுமுதலால் வகுத்தல்

விற்றுமுதல் 22 கோடி. டீசலையும் சேர்த்து இட அடிப்படையில் 2,940 டன். ஒரு கோடிக்கு 133.6 டன். சந்தை அடிப்படையில் 1,195 டன், கோடிக்கு 54.3.

விற்றுமுதலை ஆடிட் முடிந்த லாப நட்டக் கணக்கிலிருந்து எடுங்கள். ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையை எடுத்தால் பகுதி எண் பெருத்து, உமிழ்வு குறைந்ததுபோலத் தெரியும்.

இந்த எண்ணைத் தனியாக அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அடுத்த ஆண்டு அதே இயந்திரம், அதே யூனிட், அதே 9 லட்சம் கிலோ நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் விலை மட்டும் இறங்கி விற்றுமுதல் 20 கோடியானால் கோடிக்கு 147 டன் ஆகிவிடும். ஆலையில் ஒன்றுமே மாறவில்லை, மாறியது விலை. அதனால் கிலோ நூலுக்கு 3.27 கிலோ உமிழ்வு என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன். பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்திலேயே உற்பத்தி அளவுக்கு என்று தனி வரி இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள்.

பின்சேர்க்கை: ஏ.சி. கேஸ் கணக்கில் வருமா என்று தென்காசியிலிருந்து ஒருவர் கமென்டில் கேட்டிருந்தார். வரும், ஸ்கோப் 1-இல். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 2000 மடங்கு. கசிந்ததற்கு ஈடாக 5 கிலோ நிரப்பியிருந்தால் 10 டன். எங்கள் ஆண்டு டீசலில் மூன்றில் ஒரு பங்கு அது. ஏ.சி. மெக்கானிக்கின் பில்லில் 'கேஸ் ஃபில்லிங்' என்று மட்டும்தான் இருக்கும். எந்த வாயு, எத்தனை கிலோ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஏ.சி.யில் ஆர்-22 இருந்தால் அதை ஸ்கோப் 1-இல் கூட்டாமல் தனி வரியில் காட்ட வேண்டும், ஏனென்றால் அது மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வரும் வாயு.